பேக்கமன்: எதிராளியின் ஒரு காய் காத்திருக்கும்போது பத்திரமாகப் பழம் எடுப்பது

தோஹாவில் வேலை பார்த்த நாட்களில் எனக்கு பேக்கமன் கற்றுக்கொடுத்தவர் கூட வேலை செய்த துருக்கிக்காரர். அவர்கள் ஊரில் இதற்குத் தவ்லா என்று பெயர். பகடை விழுந்ததும் எண்ணைப் பாதி பாரசீகத்திலும் பாதி துருக்கியிலும் சொல்வார். 6-5 விழுந்தால் ‘ஷேஷ் பேஷ்’. இரண்டும் 6 என்றால் ‘தூ ஷேஷ்’.

ஒரு நாள் இரவு அவருடைய ஒரு காயை வெட்டி, என் வீட்டின் ஆறு கட்டங்களையும் அடைத்துவிட்டேன். அவர் காய் நடுவில் மாட்டிக்கொண்டது. நான் இரண்டு காய்களைப் பழமாக்கிவிட்டு அடுத்து 4-2 உருட்டினேன். 4-லிருந்து ஒன்று, 2-லிருந்து ஒன்று என்று இன்னும் இரண்டு காய்களை எடுத்தேன். 2-ஆம் கட்டத்தில் ஒரு காய் தனியாக நின்றது. அவர் உருட்டியதில் ஒரு 2 இருந்தது. அவருடைய வீடு முழுக்க அடைத்திருந்ததால் என் காய் உள்ளே நுழையவே முடியவில்லை. முழுதாக என் கையில் இருந்த ஆட்டம் போய்விட்டது.

ஆட்டம் முடிந்ததும் அவர் பலகையை அதே நிலைக்குத் திருப்பி அடுக்கி, அந்த 4-2-ஐ எப்படி ஆடியிருக்க வேண்டும் என்று காட்டினார். அவர் காட்டியதும், பிறகு நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை. பேக்கமனில் காய் நகர்த்தத் தெரியும், ஆனால் கடைசிக் கட்டத்தில் அடிவாங்குகிறோம் என்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் சொற்கள்

தாயம் ஆடியவர்களுக்குப் பழக்கமான சொற்களையே வைத்துக்கொள்கிறேன். பலகையில் உள்ள முக்கோணங்களைக் கட்டம் என்கிறேன். நம்முடைய கடைசி ஆறு கட்டங்கள் நம் வீடு. வெளியேறும் வாசலுக்குப் பக்கத்தில் இருப்பது 1, தூரத்தில் இருப்பது 6. ஒரு கட்டத்தில் இரண்டு காய்களாவது இருந்தால் எதிராளி அங்கே வர முடியாது. ஒற்றைக் காய் என்றால் வந்து வெட்டலாம். வெட்டுப்பட்ட காய் பலகையின் நடுவில் உள்ள பட்டைக்குப் போகும். இரண்டுக்கு மேல் ஒரு கட்டத்தில் நிற்கும் காயை உபரி என்கிறேன். பதினைந்து காய்களும் வீட்டுக்குள் வந்த பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுப்பதுதான் பழம் எடுப்பது.

பட்டையில் இருக்கும் எதிராளியின் காய் நம் வீட்டுக்குள்தான் நுழைய வேண்டும். அவருக்கு 3 விழுந்தால் நம் 3-ஆம் கட்டம், 6 விழுந்தால் நம் 6-ஆம் கட்டம். அங்கிருந்து அவர் 6-ஐத் தாண்டி வெளியே போகிறார். அதாவது நமக்கு எதிர்த்திசையில் நடக்கிறார். அதனால் அவர் 6-ல் நுழைந்துவிட்டால், 5 முதல் 1 வரை இருக்கும் நம் காய்களை அவரால் தொடவே முடியாது. அவர் ஏற்கெனவே அவற்றைத் தாண்டிவிட்டார். எந்தக் கட்டத்தை முதலில் காலி செய்வது என்ற கேள்விக்கு விடை இங்கேயே இருக்கிறது. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணை நோக்கி, 6, பிறகு 5, பிறகு 4 என்ற வரிசையில் காலி செய்ய வேண்டும். பின்னாலிருந்து காலி செய்தால் அவருக்குத் திறக்கும் கதவெல்லாம் வெளியே போகும் கதவாக இருக்கும். நடுவில் காலி செய்தால் அவர் உள்ளே வந்து உட்கார இடம் கிடைக்கும். பின்னால் நிற்கும் நம் காய்கள் அவரைத் தாண்டித்தான் வர வேண்டியிருக்கும்.

ஒரு ஒற்றைக் காய் நின்றால் அவர் வெட்டும் வாய்ப்பு எவ்வளவு? இரண்டு பகடைகள் 36 விதமாக விழலாம். அதில் குறிப்பிட்ட ஒரு எண் எதிலுமே வராதவை 25. ஆகவே வருபவை 11. 36-க்கு 11 என்றால் மூன்றுக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு ஒற்றைக் காய்கள் நின்றால் அது 20 ஆகிவிடும், பாதிக்கும் மேல்.

இன்னொரு விதியையும் நினைவுபடுத்த வேண்டும், ஏனென்றால் புதிதாக ஆடுபவர்கள் பலரும் இதில்தான் தவறுகிறார்கள். 4 விழுந்தால் 4-ஆம் கட்டத்துக் காயைப் பழமாக்கியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 6-லிருந்து 2-க்கோ 5-லிருந்து 1-க்கோ உள்ளேயே நகர்த்தலாம். கட்டாயம் வருவது வேறு வழி இல்லாதபோதுதான். 6 விழுந்து, 6-ல் காய் இருந்தால் அதை எடுத்தே ஆக வேண்டும். 6-ல் யாரும் இல்லையென்றால் இருப்பதில் உயரமான கட்டத்திலிருந்து ஒன்றை எடுக்க வேண்டும்.

உபரிகள் நிற்க வேண்டிய இடம்

ஆறு கட்டங்களையும் அடைக்க 12 காய்கள் வேண்டும். மிச்சம் மூன்று. இந்த மூன்றும் எங்கே நிற்கின்றன என்பதை வைத்தே முதல் உருட்டலின் கதை முடிவாகிவிடும். சிறந்த இடம் 6, 5, 4. ஒவ்வொன்றிலும் ஒரு உபரி.

கட்டம் 6: 3 காய், 5: 3, 4: 3, 3: 2, 2: 2, 1: 2.

இந்த நிலையில் எந்த உருட்டல் விழுந்தாலும் ஒற்றைக் காய் விடாமல் ஆட முடியும். 36-ல் 36-ம். சந்தேகம் இருந்தால் பலகையில் அடுக்கிச் சோதித்துப் பாருங்கள். 6-5 விழுந்தால் 6-லிருந்து ஒன்று, 5-லிருந்து ஒன்று வெளியே போகும், இரண்டு இடத்திலும் இரண்டிரண்டு நிற்கும். 6-6 விழுந்தால் 6-ல் உள்ள மூன்றும் போய், நான்காவதாக 5-லிருந்து ஒன்று போகும். அங்கும் இரண்டு மிஞ்சும்.

அதே மூன்று உபரிகள் 6, 2, 1 என்று நின்றால் 36-ல் 8 உருட்டல்கள் ஒற்றைக் காயை விட்டுவிடும். 6-5, 6-4, 6-3 மூன்றும் தலா இரண்டு விதமாக விழும் என்பதால் ஆறு. அதோடு 6-6, 5-5. அதனால் கடைசிக் காய்களை வீட்டுக்குள் கொண்டுவரும்போதே, அவற்றை ஆழமாக 1, 2 என்று இறக்காமல் மேல் கட்டங்களில் நிறுத்தப் பாருங்கள். உபரி மேலே இருந்தால் பெரிய எண்ணையும் ஆடும், சின்ன எண்ணையும் ஆடும். 1-ல் இருக்கும் உபரியால் 1-ஐ மட்டும்தான் பயனுள்ள விதத்தில் ஆட முடியும்.

முதல் உருட்டல்: 5-2

மேலே சொன்ன நல்ல நிலையிலிருந்து ஒரு ஆட்டத்தை நடத்திப் பார்ப்போம். எதிராளியின் காய் பட்டையில். நமக்கு 5-2.

5-ஐ வைத்து 5-லிருந்து ஒரு காயைப் பழமாக்கலாம். அங்கே உபரி இருக்கிறது, பிரச்சினை இல்லை. கேள்வி 2-ஐப் பற்றியது. பழம் மட்டும் எண்ணுபவர் 2-லிருந்து ஒன்றை எடுத்துவிடுவார். அங்கே ஒற்றைக் காய் நிற்கும், அப்போதே 36-க்கு 11. அதை விட்டுவிடுவோம். ஒற்றைக் காய் விடாத வழிகளில் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 6-லிருந்து 4-க்கு நகர்த்துவது. மற்றொன்று, 4-லிருந்து 2-க்கு நகர்த்துவது. இரண்டுமே இந்தக் கணத்தில் பத்திரம். எதிராளியால் இப்போது நுழையவே முடியாது.

முதல் வழியில் கிடைக்கும் நிலை:

6: 2, 5: 2, 4: 4, 3: 2, 2: 2, 1: 2.

இரண்டாவது வழியில்:

6: 3, 5: 2, 4: 2, 3: 2, 2: 3, 1: 2.

அடுத்த உருட்டலில் முதல் நிலைக்கு ஆபத்தான உருட்டல் ஒன்றுகூட இல்லை. இரண்டாவது நிலைக்கு 8. அதே 6-5, 6-4, 6-3, 6-6, 5-5.

ஏன் இந்த வித்தியாசம்? 6-ல் இரண்டு காய்கள் மட்டும் இருக்கும்போது, இரட்டை அல்லாத எந்த உருட்டல் விழுந்தாலும் ஒரு பகடைக்கு ஒரு காய் என்று இரண்டையும் இறக்கிவிடலாம். 5-4 விழுந்தால் 6-லிருந்து 1-க்கு ஒன்று, 2-க்கு ஒன்று. 6-3 விழுந்தால் ஒன்று பழம், ஒன்று 3-க்கு. இறங்கும் இடமெல்லாம் நம் கட்டங்கள், அதனால் எங்கும் தனியாக நிற்காது. இரட்டை விழுந்தால் நான்கு நகர்வுகள். 6-6 என்றால் 6-ன் இரண்டும் 5-ன் இரண்டும் போய்விடும், ஒன்றும் மிஞ்சாது.

மூன்று காய்கள் இருந்தால்? 6 விழுந்ததும் ஒன்று கட்டாயம் வெளியே போகிறது. இரண்டு மிஞ்சுகிறது. இப்போது இரண்டாவது பகடையை ஆட வேறு எங்காவது ஒரு உபரி வேண்டும். அந்த இரண்டாவது நிலையில் இருக்கும் ஒரே உபரி 2-ஆம் கட்டத்தில். 2 அல்லது 1 விழுந்தால் அது ஆடும். 3, 4, 5 விழுந்தால் ஆட ஆளே இல்லை. ஏதோ ஒரு ஜோடியைப் பிரித்தே ஆக வேண்டும்.

எனவே பழகிக்கொள்ள வேண்டிய ஒரே பழக்கம் இது: ஒவ்வொரு முறை கையை எடுக்கும் முன் மேலே உள்ள இரண்டு கட்டங்களைப் பாருங்கள். இரண்டிலும் இரட்டைப்படையில் காய்கள் இருக்கும்படி ஆட முடியுமா? முடிந்தால் பெரும்பாலும் அதுதான் சரியான ஆட்டம். இரண்டிலும் முடியாவிட்டால், மிக உயரமான கட்டத்தில் மட்டுமாவது இரட்டைப்படை.

அந்த இரண்டாவது நிலையில் இன்னொரு மறைமுகக் குறையும் உண்டு. அங்கே 5-4 விழுந்தால் 5-லிருந்து ஒன்றைப் பழமாக்கி மற்றொன்றை 1-க்கு இறக்கலாம். ஒற்றைக் காய் இல்லை, அதனால் நான் அதை ஆபத்துக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் பலகையைப் பாருங்கள்: 6-ல் மூன்று காய்கள், 5 காலி. எதிராளிக்கு 5 விழுந்தால் அவர் நேராக அங்கே வந்து உட்கார்ந்துவிடுவார். நம் 6-ல் உள்ள மூன்றும் அவர் கண் முன்னாலேயே நிற்கும், அவருக்கு ஒரே எட்டு. அவர் வராவிட்டாலும் நமக்கு 1 விழும்போது 6-லிருந்து 5-க்கு ஒரு காயை நகர்த்தினால் அது தனியாக நிற்கும். நடுவில் விழும் பள்ளம் அன்றைக்கு ஒன்றும் செய்யாது, அடுத்த இரண்டு உருட்டல்களில் செய்யும். ஒற்றைக் காய் விடாமல் ஆட இரண்டு வழிகள் இருந்தால் பள்ளம் விழாத வழியை எடுங்கள்.

இரண்டாவது உருட்டல்: 6-1

நாம் நல்ல வழியை எடுத்தோம். எதிராளியால் நுழைய முடியவில்லை. நமக்கு 6-1.

6-ல் ஒன்று கட்டாயம் பழம். 6-ல் மிஞ்சியது ஒன்று. இந்த 1-ஐ வைத்து 1-லிருந்து இன்னொரு பழம் எடுக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் 6-ல் ஒன்று, 1-ல் ஒன்று என இரண்டு ஒற்றைக் காய்கள். வெட்டும் வாய்ப்பு 36-க்கு 20. அதற்குப் பதிலாக 6-ல் மிஞ்சியதை 5-க்கு இறக்கினால் 6 முழுக்கக் காலி:

5: 3, 4: 4, 3: 2, 2: 2, 1: 2.

இப்போது எதிராளிக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. 6 விழுந்தால் அவர் நுழைவார். புதிதாக ஆடுபவர்கள் இதைப் பார்த்துப் பதறுவார்கள். பதற வேண்டாம். 6-ல் நுழைந்த காய் நம் காய்களையெல்லாம் தாண்டிவிட்டது. அவர் நுழைந்தால் நம் வெட்டுப் பயமே முடிந்தது. 

நம் பக்கத்திலும் ஒன்று மாறியிருக்கிறது. 6 காலியான பிறகு நமக்கு 6 விழுந்தாலும் 5 விழுந்தாலும் ஒரே வேலைதான். இரண்டுமே 5-ஆம் கட்டத்திலிருந்து ஒரு காயை எடுக்கும். அதனால் 5-ல் மூன்று காய்கள் இருக்கும் இந்த நிலையில் ஷேஷ் பேஷ் விழுந்தால் இரண்டு காய்கள் கட்டாயம் வெளியே போய், மூன்றாவது தனியாக நிற்கும். மற்ற எல்லா உருட்டல்களுக்கும் வழி இருக்கிறது, ஏனென்றால் 4-ல் நான்கு காய்கள், அதாவது இரண்டு உபரிகள் உள்ளன. 6-6 விழுந்தால்கூட 5-ன் மூன்றும் போய், 4-லிருந்து ஒன்று போய், மூன்று மிஞ்சும். ஆக ஆபத்து 36-க்கு 2. அந்த 2-ல் ஒன்று விழுந்து, அதற்கு மேல் அவருக்கும் 5 விழ வேண்டும். பெருக்கிப் பார்த்தால் நூற்றுக்கு 2-க்கும் குறைவு. 6-1 விழுந்தபோது இதைவிடக் குறைவான ஆபத்தில் ஆட வழி இல்லை, ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது உருட்டல்: அதே 4-2

எதிராளிக்கு 6 விழவில்லை, பட்டையிலேயே இருக்கிறார். நமக்கு 4-2. அன்று இரவு நான் தோற்றது இந்த இடத்தில்தான்.

நான் ஆடியது 4-லிருந்து ஒரு பழம், 2-லிருந்து ஒரு பழம். 36-க்கு 11 வாய்ப்பை அப்போதே கையில் கொடுத்துவிட்டேன்.

இன்று புதிதாக ஆடும் கவனமான ஒருவர் வேறு மாதிரி ஆடுவார். 4-ல் நான்கு காய்கள் இருக்கின்றன, அங்கிருந்தே இரண்டையும் ஆடிவிடலாம் என்று நினைப்பார். ஒன்று பழம், ஒன்று 2-க்கு. ஒற்றைக் காய் இல்லை:

5: 3, 4: 2, 3: 2, 2: 3, 1: 2.

என் நண்பர் காட்டியது: 4-லிருந்து ஒன்று பழம், பிறகு 2-ஐ வைத்து 5-லிருந்து 3-க்கு.

5: 2, 4: 3, 3: 3, 2: 2, 1: 2.

இரண்டிலும் வெளியே போனது ஒரே ஒரு காய். இரண்டிலும் இந்தக் கணத்தில் ஒற்றைக் காய் இல்லை. பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும். அடுத்த உருட்டலை எண்ணிப் பார்ப்போம்.

கவனமானவரின் நிலையில் 5-ல் மூன்று, உபரி மற்றபடி 2-ல் மட்டும். 6-5 விழுந்தால் 5-ல் ஒன்று தனியாக நிற்கும். 6-4 விழுந்தால் 5-லிருந்து ஒன்று போகும், 4-ஐ ஆட உபரி இல்லை. 5-4-ம் அப்படியே. 6-3, 5-3 இரண்டும் அப்படியே. ஐந்து வகைகள், தலா இரண்டு, மொத்தம் 10. இரட்டைகளில் 6-6, 5-5 இரண்டும் 5-ன் மூன்றையும் எடுத்து 4-லிருந்து ஒன்றைப் பிரிக்கும். 4-4-க்கும் எப்படி ஆடினாலும் ஒன்று தனியாகத்தான் நிற்கும். ஆக மொத்தம் 13. 36-க்கு 13!

நண்பரின் நிலையில் 5-ல் இரண்டே காய்கள். இரட்டை அல்லாத 30 உருட்டல்களிலும் பகடைக்கு ஒன்றாக இரண்டையும் இறக்கிவிடலாம். ஆபத்து இரட்டைகளில் மட்டும்: 6-6, 5-5, 4-4. மூன்றுதான். 4-ல் மூன்று காய்கள் இருப்பதால் இந்த மூன்று வருகின்றன. 5-ன் இரண்டைத் தொடர்ந்து 4-லிருந்து இரண்டு போனால் ஒன்று மிஞ்சும். 3-3-க்கு வழி உண்டு: 5-லிருந்து இரண்டு 2-க்கு, 4-லிருந்து ஒன்று 1-க்கு, 3-லிருந்து ஒன்று பழம்.

ஒற்றைக் காய் விட்ட பிறகு அவர் வெட்டவும் வேண்டும் என்பதையும் சேர்த்துப் பெருக்கினால், அவர் பட்டையிலேயே இருக்கும்பட்சத்தில், கவனமானவருக்கு நூற்றுக்கு 11 அளவில் ஆபத்து. நண்பரின் வழியில் இரண்டரை. ஒரு காயை 4-லிருந்து நகர்த்துவதா, 5-லிருந்து நகர்த்துவதா என்பதில் இவ்வளவு இருக்கிறது.

ஆட்டத்தின் நடுவில் 36-ஐயும் எண்ண வேண்டியதில்லை. நான் பார்ப்பது பெரிய எண்களை மட்டும்: 6-6, 5-5, 4-4 என மூன்று இரட்டைகள், பிறகு 6-5, 6-4, 5-4, 6-3, 5-3. இந்த எட்டையும் மனதில் ஆடிப் பார்க்க அரை நிமிடம் போதும். இரட்டைக்கு 1, மற்றதற்கு 2 என்று கூட்டிக்கொள்ளுங்கள். சின்ன எண்கள் பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை, அவற்றை ஆட எங்காவது இடம் இருக்கும்.

அவர் பட்டையில் இல்லாமல் 1-ல் உட்கார்ந்திருந்தால்

சில ஆட்டங்களில் எதிராளியின் காய் நம் 1-ஆம் கட்டத்திலேயே குந்தியிருக்கும். மேல் கட்டங்களை இரட்டைப்படையில் வைப்பது, பின்னாலிருந்து காலி செய்வது என்ற இரண்டும் இங்கேயும் பொருந்தும். ஆனால் தூரத்தை எண்ணுவது மாறும். அவர் ஏற்கெனவே 1-ல் நிற்பதால் நம் 5-ஆம் கட்டத்து ஒற்றைக் காயை வெட்ட அவருக்கு 5 அல்ல, 4 வேண்டும். இரண்டு பகடைகளையும் கூட்டியும் வெட்டலாம், உதாரணமாக 3-1. நடுவில் கால் வைக்கும் கட்டங்கள் நம்மிடம் அடைபட்டிருந்தால் அந்தக் கூட்டல் நடக்காது. பள்ளம் விழுந்திருந்தால் நடக்கும்.

பட்டையில் இருப்பவரை நாம் பிடித்து வைத்திருக்கிறோம். 1-ல் இருப்பவர் தன் விருப்பத்தில் காத்திருக்கிறார். அவருடைய மற்ற காய்களுக்கு நகர இடம் இருக்கும்வரை அங்கேயே இருப்பார். அவர் வீட்டைப் பாருங்கள். நகர இடம் தீர்ந்துபோய், அவர் தன் வீட்டுக் காய்களை ஆழத்தில் குவிக்க ஆரம்பித்துவிட்டால், நம்மை வெட்டினாலும் அவரால் அடைத்து வைக்க முடியாது. அப்போது கொஞ்சம் துணிந்து வேகமாக எடுக்கலாம். அவர் வீடு ஐந்து ஆறு கட்டங்கள் அடைத்து உறுதியாக இருந்தால் ஒரு வெட்டு ஆட்டத்தையே முடித்துவிடும். அப்போது ஒரு பழத்தை இழந்தாலும் பத்திரமாகவே ஆடுங்கள். இதே பார்வை பட்டையில் காய் இருக்கும்போதும் உதவும்.

கடைசியாக ஒரு உருட்டல்

நண்பரின் வழியில் போன நம் ஆட்டத்துக்கு வருவோம். எதிராளி மறுபடியும் நுழையவில்லை. நமக்கு 5-1. 5-லிருந்து ஒன்று பழம், மற்றது 4-க்கு:

4: 4, 3: 3, 2: 2, 1: 2.

6-ம் 5-ம் காலி, மீதி 11 காய்கள். எதிராளிக்கு இப்போது 36-ல் 20 உருட்டல்கள் நுழைய வழி கொடுக்கும், நுழைந்தால் எல்லாமே நம்மைத் தாண்டித்தான். அவர் 6-3 உருட்டுகிறார். 3 அடைபட்டிருக்கிறது, 6-ல்தான் நுழைய முடியும். அங்கிருந்து 3-ஐ நகர்ந்து 9-க்குப் போகிறார்.

இந்த நொடியிலிருந்து இதுவரை சொன்னதெல்லாம் தலைகீழ். ஒற்றைக் காய்க்குப் பயமில்லை, இரட்டைப்படைக்கு மதிப்பில்லை. ஒவ்வொரு பகடையிலும் ஒரு காயை வெளியே எடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாத எண் விழுந்தால், அடுத்த முறை காலியாக இருக்கும் கட்டத்தின் எண் விழுந்து வீணாகாதபடி, காய் இல்லாத கட்டத்தை நிரப்புங்கள். 11 காய்களுக்கு இரட்டை விழாவிட்டால் குறைந்தது ஆறு உருட்டல்கள். அவருக்கு எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டு பகடையை எடுங்கள்.